நிறுத்தி வச்சிருக்கோம்

"கட் பண்ணாதீங்க மேடம்! கட் பண்ணீங்கன்னா நேர்ல வந்து நிப்பேன்!"

இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கிக்கொண்டே கத்தினாள். கீழே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அட்டைப்பெட்டிகளோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு டிரைவர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, "ரூட்டக்கா யாரையோ கொல்லப் போகுது டோய்!" என்றார்.

எதிர்முனை கட் ஆகிவிட்டது.

அந்த மருந்துக் கிடங்கில் அவளுக்கு ரூட்டு என்று பெயர். எந்த வேன் எந்தத் தெரு வழியாக எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று தினமும் வழி போட்டுக் கொடுப்பவள். ஐஸ் பெட்டியில் போகிற மருந்து வெயிலில் மாட்டிக்கொள்ளாமல், ஒரே பாலத்தை வேன் இரண்டு தடவை கடக்காமல், அவள் போட்டால் போட்டதுதான்.

இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள். திங்கட்கிழமை வேறொரு பெரிய கம்பெனியில் சேர வேண்டும். ஆஃபர் லெட்டர் வாங்கி, கையெழுத்துப் போட்டு, இங்கே ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலத்தையும் முழுசாக ஓட்டியாகிவிட்டது.

அந்தக் கம்பெனியின் ஆள் எடுக்கும் பெண்தான் இப்போது போனில் பேசியவள். ரூட்டின் கணவன் அந்தப் பெண்ணுக்குப் பாகு என்று பெயர் வைத்திருந்தான். ஆரம்பத்தில் அப்படி ஒரு குரல். "உங்க பேரை ஒருத்தர் சொன்னாருங்க. யாருன்னு மட்டும் கேக்கக் கூடாது" என்று சிரித்தே பேச ஆரம்பித்தவள். இன்று காலை அதே குரலில் பாகு வற்றிப்போய் அடிப்பிடித்திருந்தது.

"ஹையரிங் ஃப்ரீஸ் வந்திருக்குங்க. கம்பெனி முழுக்க யாரையும் எடுக்கறதில்லைன்னு முடிவு. உங்க ஆஃபரை நிறுத்தி வச்சிருக்கோம்."

"நிறுத்தி வச்சிருக்கோம்னா? இருக்கா இல்லையா?"

"நிறுத்தி வச்சிருக்கோம்."

"திங்கக்கிழமை நான் வரலாமா?"

"வேண்டாங்க."

"அப்ப என்னைக்கு வரணும்?"

"சொல்லுவோம்ங்க."

"இதை எழுத்துல கொடுங்க."

அங்கேதான் கட்.

ரூட்டு திரும்பவும் படியேறினாள். இந்தத் தடவை மெதுவாக. மேலே, கண்ணாடி அறைக்குள், அவளுடைய மேனேஜர் இருந்தார். கிடங்கில் எல்லோரும் அவருக்கு மண்டையிடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை.

அவரிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் வேலையையே விட்டாள்.

"சார்…"

"ஐடி கார்டைக் கொடுக்க வந்தியா? அந்த டப்பாவுல போட்டுட்டுப் போ."

"சார், ராஜினாமாவை வாபஸ் வாங்கணும்."

மண்டையிடி நாற்காலியில் சாய்ந்து நிதானமாகச் சிரித்தார். "ஏன்? அந்த ஊட்டு நாற்காலி கடிக்குதா? போறப்ப என்ன சொன்ன? 'எனக்கு மரியாதை கிடைக்கிற இடத்துக்குப் போறேன்'னு எல்லார் முன்னாடியும் சொன்னேல்ல?"

"அங்க ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்களாம் சார்."

சிரிப்பு நின்றது. மண்டையிடி கையில் இருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"நிறுத்திட்டாங்களா? நிறுத்தி வச்சிருக்காங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"ஒண்ணா! இத்தனை வருஷம் வண்டியோட மாரடிச்சவ பேசுற பேச்சா இது? நிறுத்தின வண்டி நின்னு போச்சு. நிறுத்தி வச்ச வண்டியில சாவி தொங்கிட்டே இருக்கும். எப்ப வேணா கிளம்பும். எப்படிச் சொன்னாங்க? அவங்க வார்த்தையை அப்படியே சொல்லு."

"நிறுத்தி வச்சிருக்கோம்னாங்க."

மண்டையிடி டிராயரை இழுத்தார், உள்ளே எதையோ பார்த்தார், படாரென்று மூடினார்.

"கேட்டுக்க. உன் இடத்துக்கு ஆள் பார்த்தாச்சு, இன்னும் ஆஃபர் அடிக்கலை. உன் வாபஸை அப்ரூவ் பண்ண என் ஒரு கிளிக் போதும். ஆனா நீ இங்க உக்காந்து, அங்க அவங்க சாவியைத் திருகினதும் மறுபடி ஏறி ஓடுவ. நான் வந்தவனையும் விட்டுட்டு, உன்னையும் விட்டுட்டு, வாயில விரலை வச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"ஓட மாட்டேன் சார்."

"நீ சொன்னா? உன் பேச்சை உன் புருஷன்கிட்ட வித்துக்க. எனக்கு மெயில் வேணும். 'ரத்து', 'திரும்பப் பெறுகிறோம்', ஏதோ ஒண்ணு. நிறுத்தி வைக்கிற வேலையெல்லாம் அதுல இருக்கக் கூடாது. சாயங்காலம் உன் எக்ஸிட்டை க்ளோஸ் பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி கொண்டு வா. க்ளோஸ் ஆயிருச்சுன்னா என் கையில ஒண்ணுமில்லை."

"போன்ல எழுதித் தர மாட்டேங்கறாங்க சார்."

"அப்ப நேர்ல போ. என்கிட்ட மட்டும்தான் உன் வாய் நீளுமா? அங்கயும் போய்க் காட்டு."

ஆட்டோவில் போகும்போது கணவன் கூப்பிட்டான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுப்பவன். போன மாதம் ஒரு மாணவி பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்ததில் காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். கட்டிலிலேயே கிடந்தான். வீட்டில் இப்போதைக்குச் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"என்னாச்சு, பிரியாவிடையில கேக் வெட்டினாங்களா?"

"கழுத்தை வெட்டினாங்க." விஷயத்தைச் சொன்னாள்.

அவன் எழுந்து உட்கார முயன்றதில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "பாகுவா இப்படி?" என்றான். "எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினா!"

"இனிச்சதெல்லாம் நமக்கு இல்லைங்க. அவ டார்கெட்டுக்கு."

"மண்டையிடி என்ன சொல்றாரு?"

"ரத்துன்னு எழுதி வாங்கிட்டு வந்தா சேர்த்துக்கறாராம். நிறுத்தி வச்சிருக்கோம்னா சேர்த்துக்க மாட்டாராம்."

"அடப்பாவி! அப்ப உனக்கு அவங்க வேலை இல்லைன்னு சொன்னாத்தான் வேலையா?"

"ஆமா."

"நான் கால்ல தகடு வச்சிருக்கேன். நீ தலையில வச்சுக்கப் போற போல." என்றான். பிறகு குரல் மாறி, "வாங்காம வராதே" என்றான்.

அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில் ஏசி நடுக்கியது. 'வாருங்கள், சேர்ந்து வளர்வோம்' என்று நேர்முகத்துக்கு வந்த அன்று சிரித்துக்கொண்டு நின்ற ஆளுயர விளம்பரப் பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

காவலாளி இன்டர்காமில் பேசிவிட்டு வந்தார். "மேடம் மீட்டிங்ல இருக்காங்களாம்மா."

"எந்த மேடம் சொன்னாங்கண்ணே?"

"அந்த மேடமேதான்."

"மீட்டிங்ல இருக்கறவங்க எப்படிண்ணே இன்டர்காமை எடுத்தாங்க?"

காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரிசீவரை அவளிடமே நீட்டினார்.

"மேடம், நான்தான். கீழே நிக்கிறேன்."

"என்னங்க இது? அப்பாயின்ட்மெண்ட் இல்லாம இப்படி வரக் கூடாது."

"அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரையே நிறுத்தி வச்சிருக்கீங்க, அப்பாயின்ட்மெண்ட்டுக்கு எங்க போவேன்? ரெண்டுல ஒண்ணு கொடுங்க. என் ஆஃபர் உயிரோட இருக்குன்னா புதுத் தேதி போட்டு ஒரு மெயில். செத்துப் போச்சுன்னா செத்துப் போச்சுன்னு ஒரு மெயில்."

"ரெண்டும் கொடுக்க முடியாதுங்க. எங்களுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் அப்படி."

"யாரு கொடுத்தது?"

"அதெல்லாம் உள் விஷயம்."

"உங்க சைட்ல என் பக்கத்தைத் திறந்தா 'ஆஃபர் ஏற்கப்பட்டது'ன்னு இன்னும் பச்சையா எரியுது மேடம்."

"அது அப்டேட் ஆகியிருக்காது. வீட்டுக்குப் போங்க. ஏதாவதுன்னா கூப்பிடறேன்." டொக்.

ரூட்டு ரிசீவரைக் காவலாளியிடம் கொடுத்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். ஒரு வழி அடைத்துக்கொண்டால் வேனை எந்தச் சந்தில் திருப்பலாம் என்று யோசிக்கிற அதே முகம் வந்துவிட்டது. ஆஃபர் லெட்டரைப் போனில் திறந்து, அதில் கையெழுத்துப் போட்டிருந்த மனிதவளத் தலைவரின் முகவரியைப் பார்த்தாள். பாகுவுக்கு ஒரு மெயில் தட்ட ஆரம்பித்தாள்.

'மேடம், இன்று காலை போனில் என் ஆஃபர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ரத்தாகவில்லை என்று தாங்கள் கூறினீர்கள். எனவே அது செல்லுபடியாகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சேரும் தேதி மாறியதாக எழுத்தில் எதுவும் வராததால், திங்கட்கிழமை வந்து சேர்கிறேன். தங்கள் வார்த்தையை நம்பி, இப்போதுள்ள வேலையிலிருந்து இன்று மாலை விடுபடுகிறேன். இதில் தவறிருந்தால் இன்று மாலைக்குள் எழுத்தில் திருத்தவும். பதில் இல்லையென்றால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.'

மனிதவளத் தலைவருக்கும் ஒரு நகல் போட்டு அனுப்பினாள்.

காவலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிப்பதற்குள் லிஃப்ட் திறந்தது.

குரலை வைத்து உயரமான பெண்ணாக நினைத்திருந்தாள். பாகு அவள் தோள் உயரம்கூட இல்லை. கழுத்தில் அடையாள அட்டை பின்பக்கம் திரும்பித் தொங்க, ஒரு செருப்பின் வாரை மாட்டாமலே வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எதுக்குங்க எங்க தலைவருக்கெல்லாம் நகல் போட்டீங்க?"

"லெட்டர்ல கையெழுத்துப் போட்டவர் அவர்தானே."

"என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"காலையிலிருந்து வேற என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"'நம்பி'ன்னு ஏன் போட்டீங்க? அந்த ஒரு வார்த்தைக்கு லீகல்ல இருந்து என்னைக் கூப்பிட்டுக் குடையறாங்க! நீங்க இங்க சொன்னதை நம்பி அங்க வேலையை விட்டீங்கன்னு நாளைக்கு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

"நம்பாம யாராவது வேலையை விடுவாங்களா? நான் எழுதினது தப்புன்னா திருத்துங்க. சரின்னா திங்கக்கிழமைக்கு எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க."

"மிரட்டுறீங்களா?"

"நீங்க சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொன்னா அது மிரட்டலா?"

பாகு சுற்றுமுற்றும் பார்த்தாள். காவலாளி திடீரென்று வாசல் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். பாகு அவளை இழுத்துக்கொண்டு திருப்பி வைத்திருந்த விளம்பரப் பலகைக்குப் பின்னால் போனாள்.

"போன்ல மட்டும் பேசுன்னாங்க. நிறுத்தி வச்சிருக்கோம்னு மட்டும் சொல்லுன்னாங்க. எழுதாதேன்னாங்க. நான் என்ன பண்றது? எடுக்கறதுக்கே ஆள் இல்லாத கம்பெனியில ஆள் எடுக்கற என்னை எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்க? எனக்கு மட்டும் பயமில்லையா?"

"உங்க பயத்துக்கு நான் விலை கொடுக்கணுமா? எதுக்கு இந்த நிறுத்தி வைக்கிற நாடகம்?"

"தடை நீங்கினா உடனே கூப்பிட ஆள் கைவசம் இருக்கணும்ல."

"அதுவரைக்கும் அந்த ஆளு வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

பாகு குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள்.

"சரி, நேரா கேக்கறேன். சிஸ்டத்துல என் இடத்துக்குன்னு ஒரு நம்பர் இருக்குமே, ஆள் வேணும்னு எழுப்பின நம்பர். அது ஹோல்டுல இருக்கா, மூடியாச்சா?"

"அதெல்லாம் நீங்க எப்படி…"

"எங்க கிடங்குலயும் ஆள் எடுப்பாங்க மேடம். ஹோல்டா, மூடியாச்சா?"

பாகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மூடியாச்சு."

"எப்ப?"

"நேத்து."

"நேத்தே மூடினதை இன்னிக்குக் காலையில நிறுத்தி வச்சிருக்கோம்னீங்க."

"உங்க ஒரு இடம் மட்டும் இல்லைங்க. புதுசா ஆரம்பிக்க இருந்த அந்தப் பிரிவையே தூக்கிட்டாங்க. மேல பிரிவுத் தலைவர் பதவியை எடுத்தாங்க, அவருக்குக் கீழ இருந்த இடமெல்லாம் தானா விழுந்துருச்சு."

"பிரிவுத் தலைவர் இன்னும் சேரலைன்னு இன்டர்வியூவுல சொன்னாங்களே. அவரா?"

"அவரேதான். உங்க பேரைக் கொடுத்ததும் அவர்தான். 'அந்த ஆளை எடுத்தா வரேன், இல்லைன்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்'னு ஒத்தைக் கால்ல நின்னாரு. உங்களைப் பத்தி அப்படிப் புகழ்ந்தாரு. இப்ப காலையிலிருந்து அவரும் போன்ல என் உயிரை எடுக்கறாரு."

ரூட்டுக்கு ஒரு கணம் கோபம் மறந்து போனது. தன்னைப் புகழ்ந்த ஒரு மனிதரா? இந்தத் தொழிலிலா? "யாருங்க அவர்?"

"அது சொல்லக் கூடாது. அவர் இப்ப வேலை பார்க்கிற இடத்துல ஆளைக் கிளப்பினாருன்னு தெரிஞ்சா அவர் சிக்கிருவாரு."

"அவருக்காவது உண்மையைச் சொன்னீங்களா?"

"அவருக்கும் அதேதான் சொன்னேன். நிறுத்தி வச்சிருக்கோம்னு."

"பாவம்" என்றாள் ரூட்டு. "இப்ப என் மெயிலை அடிங்க."

பாகு அங்கேயே நின்றபடி போனில் தட்டினாள். இரண்டு தடவை யாரையோ கூப்பிட்டு அனுமதி கேட்டாள். கடைசியில் அனுப்பாமல் திரையை நீட்டினாள். 'ஆள் சேர்ப்புத் தடை காரணமாக, தங்களுக்கு வழங்கிய பணி வாய்ப்பு தற்போதைக்குத் திரும்பப் பெறப்படுகிறது.'

"தற்போதைக்கு எதுக்கு?"

"சும்மா ஒரு மரியாதைக்குங்க."

"உங்க மரியாதை என் வேலையைத் தின்னும். அதை எடுங்க."

"ஒரு வார்த்தைதானேங்க!"

"காலையிலிருந்து ஒரே ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தெருவுல நிக்கிறேன்."

பாகு பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். அனுப்பினாள். ரூட்டின் போன் சிணுங்கியது. படித்தாள். வேலை இல்லை என்று சொல்கிற கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒருத்தி பெருமூச்சு விடுவதைக் காவலாளி வாசலிலிருந்து வேடிக்கை பார்த்தார்.

"நன்றி" என்றாள் ரூட்டு.

"இனிமே இந்தக் கம்பெனிக்கு அப்ளை பண்ணாதீங்க" என்றாள் பாகு.

"நான் எப்ப பண்ணினேன்? நீங்கதான் கூப்பிட்டீங்க."

கிடங்குக்குத் திரும்பியபோது கடைசி வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. மேலே கண்ணாடி அறை வாசலில், போகிறவர்களின் கணக்கை முடிக்கும் அலுவலக அக்கா கார்டு டப்பாவோடு நின்றிருந்தாள். "எங்கம்மா போன? உன் ஒருத்திதுதான் பாக்கி. க்ளோஸ் பண்ணிட்டு நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

"ஒரே நிமிஷங்க்கா." உள்ளே நுழைந்து போனை மண்டையிடியின் மேஜையில் வைத்தாள். "இந்தாங்க சார். நீங்க கேட்ட வார்த்தை."

மண்டையிடி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நிதானமாகப் படித்தார். விரலால் மேலே தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"தற்போதைக்கு, கிற்போதைக்குன்னு எதுவும் இல்லையே?"

"இருந்துச்சு சார். எடுக்க வச்சேன்."

"எடுக்க வச்சியா?" அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "அந்தப் பிரிவு மொத்தமாவே போச்சா? அதைக் கேட்டியா?"

"போச்சாம் சார். தலைவர் பதவியோட சேர்த்து. நேத்தே."

கீழே ஒரு வேன் பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது.

மண்டையிடி கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அவள் பெயரைத் தேடினார். ஒரு கிளிக். திரையில் சிவப்பாக இருந்த வரி கறுப்பானது.

"அக்கா, இவ பேரை எடுத்துருங்க. இவ போகலை" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"போறதும் வர்றதும், இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று முணுமுணுத்தபடி அந்த அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ரூட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்."

"தேங்க்ஸை வச்சு நான் என்ன பண்ண? நாளைக்கு வடக்கு ரூட்டைத் திருப்பிப் போடு. நீ ஒரு பொழுது இல்லாததுக்கே நாறிக் கிடக்குது. இனிமே மரியாதை அது இதுன்னு வாய் திறந்தேன்னா நானே தூக்கி வெளிய போடுவேன்."

"சரி சார்." கையை நீட்டினாள். "போன் சார்."

மண்டையிடி கொடுக்கவில்லை. அவளுடைய போனை இடது கையில் பிடித்தபடியே வலது கையால் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். திறந்தார். விரலால் மெயில் திரையைக் கீழே இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே, கையெழுத்துப் போட்டு மடித்து வைத்த வெள்ளைத்தாள் ஒன்று தெரிந்தது. மேல்வரியில் 'ராஜினாமா' என்று இருந்தது.

"ரூட்டு" என்றார். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத சின்னக் குரல். "இதை எப்படிக் கேட்டு வாங்கின?"

"ஏன் சார்?"

மண்டையிடி இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் வரலையே."